ஐம்பதைத் தாண்டிய பட்டறைக் கைகளுக்கு: துவாக்குடியில் வெல்டிங்கிலிருந்து ஆய்வு வேலைக்கு மாறும் வழி

திருச்சி–தஞ்சாவூர் ரயிலில் காலையில் பூதலூர், சோளகம்பட்டி, திருவெறும்பூர் பக்கம் ஏறி இறங்குகிறவர்களில் பலர் துவாக்குடி சிட்கோ பட்டறைகளில் வேலை பார்ப்பவர்கள். கொதிகலன் பாகங்களுக்கு ஃபிட்டப், வெல்டிங், கிரைண்டிங் செய்தே இருபது, இருபத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவர்கள். 2010-களின் நடுவில் நிலக்கரி மின்நிலைய ஆர்டர்கள் சுருங்கியபோது இங்கே பல பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. அண்மையில் ஆர்டர்கள் திரும்பி வருகின்றன. ஆனால் திரும்பி வரும் வேலைக்குப் பட்டறைகள் முப்பது வயதுக்காரரைத்தான் முதலில் கூப்பிடுகின்றன. பீஸ் ரேட்டில் நாள் முழுவதும் குனிந்து நிற்க முதுகு வேண்டும், ஆர்க் வெளிச்சத்தைத் தாங்கக் கண் வேண்டும். ஐம்பது வயதில் இந்த இரண்டிலும் போட்டி போட்டு ஜெயிக்க முடியாது.

அவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஒரு வெல்டைப் பார்த்த உடனே எங்கே குறை ஒளிந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ராடு மாற்றிய இடத்தில் கிரேட்டர் விரிசல், ரூட்டில் பெனட்ரேஷன் எட்டாமல் போனது, ஸ்லாக்கைச் சரியாகத் தட்டாமல் மேல் பாஸ் போட்டது, ஓரத்தில் அண்டர்கட் என்று எல்லாம் கைக்குப் பழகியவை. இந்த அறிவுக்குக் கூலி தரும் வேலைதான் என்டிடி, அதாவது பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் ஆய்வு வேலை. 51 வயதில், வேலையில் இருக்கும்போதே தொடங்கி, மூன்று ஆண்டுகளில் அந்தப் பக்கம் மாறுவது எப்படி என்பதை இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

முதல் வேலை: கண்

கோர்ஸ் கட்டணம் கட்டுவதற்கு முன் கண் மருத்துவரிடம் போங்கள். என்டிடி ஆய்வாளருக்குக் கிட்டப்பார்வைச் சோதனை ஆண்டுதோறும் உண்டு. ஜேகர் அட்டையில் 2-ஆம் எண் எழுத்தை 12 அங்குலத்துக்குக் குறையாத தூரத்தில் வைத்து, ஒரு கண்ணிலாவது படிக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம், தடையில்லை. நிற வேறுபாடு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். விரிசலுக்குள் சிவப்புச் சாயம் இறக்கி, வெள்ளை டெவலப்பர் பூச்சால் அதை வெளிக்கொண்டு வருவதுதான் டிபி சோதனை; அந்த வெள்ளை மேல் சிவப்புக் கோடு தெரியாவிட்டால் டிபியே இல்லை.

இங்கே பலரும் தடுக்கி விழுவது கண்ணாடி விஷயத்தில்தான். பழைய பவரில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள், அல்லது செய்தித்தாள் படிக்கும் தூரத்துக்கு மட்டும் போட்ட கண்ணாடியை வைத்திருப்பார்கள். "ஒரு அடி தூரத்தில் மயிரிழைக் கோடு பார்க்க வேண்டும்" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி, அதற்கென்று ஒரு கண்ணாடி வாங்குங்கள். கண்புரை தொடங்கியிருந்தால் வேலையில் இருக்கும்போதே அறுவை சிகிச்சை செய்துகொள்வது நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர் விழித்திரையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறம் பிரித்தறிவதில் குறை இருக்கிறது என்று தெரிந்தால் பணம் செலவழிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஒலியலையால் சோதிக்கும் அல்ட்ராசோனிக் போல நிறத்தை நம்பாத முறைகள் உங்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டுவிட்டு மேலே போகலாம்.

சான்றிதழ் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் பக்கத்தில் பெரும்பாலும் கேட்கப்படுவது எஸ்என்டி-டிசி-1ஏ என்ற அமெரிக்க நடைமுறைப்படியான லெவல் 2, அதாவது தானே சோதித்துத் தீர்ப்பு சொல்லும் நிலை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தெரியாமல் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். இந்த நடைமுறைப்படி சான்றளிப்பவர் முதலாளி, பயிற்சி நிலையம் அல்ல. பயிற்சி நிலையம் பாடம் நடத்தித் தேர்வும் வைக்கலாம். ஆனால் கண் சோதனை, பயிற்சி மணி, அனுபவ மணி, தேர்வு மதிப்பெண் எல்லாவற்றையும் சேர்த்து "இவர் எங்கள் லெவல் 2" என்று கையெழுத்திடுவது நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம்தான். வேலையை விட்டால் அந்தச் சான்று அங்கேயே முடிகிறது. புதிய நிறுவனத்தின் லெவல் 3, அதாவது மேல்நிலை ஆய்வாளர், உங்கள் பழைய பதிவுகளைப் பார்த்து, தேர்வு வைத்து, மறுபடியும் சான்றளிப்பார்.

ஆகவே "பத்து நாளில் நான்கு முறைகளிலும் லெவல் 2" என்று விளம்பரம் பார்த்தால் நின்று யோசியுங்கள். அனுபவ மணி இல்லாத அந்தத் தாளை, விவரம் தெரிந்த ஆய்வு நிறுவனம் ஓரமாக வைத்துவிடும். ஐஎஸ்ஓ 9712 என்பது வேறு வகை. அதில் ஒரு வெளி அமைப்பு உங்கள் பெயருக்கே சான்று தருகிறது, வேலை மாறினாலும் அது உங்களோடு வரும். வெளிநாட்டு வேலைக்கு அது உதவும். செலவும் கண்டிப்பும் கூடுதல் என்பதால் இரண்டாவது கட்டத்தில் யோசிக்கலாம்.

மணிக்கணக்கைச் சேர்ப்பது

இந்த வழியில் உங்களுக்குப் பணத்தைவிட அரிதாகக் கிடைப்பது பதிவு செய்யப்பட்ட மணிகள். வேலை போனபின் இவற்றைச் சேர்ப்பது மிகக் கடினம், இப்போது சேர்ப்பது எளிது. நேரடியாக லெவல் 2 போகிறவருக்கு அந்த நடைமுறை பரிந்துரைக்கும் அளவு இது. டிபி எனப்படும் டை பெனட்ரன்டுக்குப் பயிற்சி 12 மணி, அனுபவம் 210 மணி. கண்பார்வை ஆய்வுக்கு, அதாவது வெல்டைக் கண்ணால் பார்த்தே குறை கண்டறிவதற்கு, பயிற்சி 24, அனுபவம் 210. காந்தத்துகள் சோதனைக்குப் பயிற்சி 20, அனுபவம் 280. அல்ட்ராசோனிக் முறைக்குப் பயிற்சி 80, அனுபவம் 840. இவை பரிந்துரைகள்தான். ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்து நடைமுறையில் சற்று மாற்றி வைத்திருக்கும், அதனால் உங்கள் நிறுவனத்தின் நகலைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் மூன்று முறைகளையும் கூட்டினால் 700 மணி. வாரத்துக்கு 7 மணி என்றால் 100 வாரம், கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. பட்டறையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளரிடம் போய் இப்படிக் கேளுங்கள்: "சார், என் ஜாபுக்கு டிபி எடுக்கும்போது நானே கிளீன் பண்ணி, ஸ்பிரே அடித்து, உங்க ஆளோட நின்னு பார்க்கிறேன். ரிப்போர்ட்ல உதவியாளர்னு என் பேரைப் போடுங்க." தரக்கட்டுப்பாட்டுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை என்பதால் மறுப்பவர் குறைவு.

ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, ஜாப் எண், முறை, எத்தனை மணி, யார் மேற்பார்வை, அவர் கையெழுத்து. கையெழுத்தை வாரந்தோறும் வாங்குங்கள். ஆண்டு முடிவில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால் அந்த மேற்பார்வையாளரே வேலை மாறிப் போயிருப்பார். வாடிக்கையாளரின் வரைபடத்தையோ ரிப்போர்ட்டையோ கைப்பேசியில் படமெடுத்து வைக்காதீர்கள். ரகசிய ஒப்பந்தம் இருக்கும், உங்கள் பெயர் கெடும். நோட்டு போதும்.

டிபியில் தொடங்குங்கள்

டிபி எளிது என்று நினைத்துத்தான் பலர் தப்பாகச் செய்கிறார்கள். பொதுவான தர விதித்தொகுப்பு சொல்கிற வரம்பில், சோதிக்கும் பரப்பின் வெப்பம் 5 முதல் 52 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் துவாக்குடி யார்டில் வெயிலில் கிடக்கும் தகட்டைத் தொட்டவருக்குத் தெரியும், அது இந்த வரம்பைச் சாதாரணமாகத் தாண்டும். அப்போது பெனட்ரன்ட் விரிசலுக்குள் இறங்கும் முன்னே காய்ந்துவிடும். விரிசல் இருந்தும் பரப்பு சுத்தமாகத் தெரியும். காலை எட்டு மணிக்குள் எடுங்கள், அல்லது நிழலுக்கு நகர்த்தி, வெப்பமானி வைத்துப் பார்த்து எடுங்கள்.

இரண்டாவது தவறு, மிகையான பெனட்ரன்டை எடுக்கும்போது கிளீனரை நேராகப் பரப்பின் மேலேயே அடிப்பது. அது விரிசலுக்குள் இருப்பதையும் கழுவி எடுத்துவிடும். முதலில் உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு துணியில் கொஞ்சம் கிளீனர் நனைத்துத் துடைப்பதுதான் முறை. டெவலப்பர் காய்ந்தபின் குறைந்தது 10 நிமிடம் பொறுத்து, ஒரு மணி நேரத்துக்குள் இறுதித் தீர்ப்பு சொல்ல வேண்டும். பரப்பில் வெளிச்சம் 1000 லக்ஸ் வேண்டும். பட்டறையின் மூலையில் ஒரு டியூப்லைட் அதைத் தராது.

காந்தத்துகள் சோதனையில் யோக் எனப்படும் காந்தக் கருவியைத் தினசரி சரிபார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். ஏசி யோக் 4.5 கிலோ எடையைத் தூக்க வேண்டும், டிசி யோக் 18.1 கிலோ. தூக்காத யோக்கை வைத்து எடுத்த ரிப்போர்ட் முழுவதும் செல்லாது.

தேர்வும் கணக்கும்

பள்ளியை விட்டு முப்பது ஆண்டு ஆனவருக்குத் தேர்வுதான் பயம். பொதுத் தாளில் குறைந்தது 40 கேள்வி, சரியானதைத் தேர்ந்தெடுக்கும் வகை, ஆங்கிலத்தில். அதன்பின் நிறுவனத்தின் நடைமுறை சார்ந்த தாள், பிறகு செய்முறை. ஒவ்வொன்றிலும் 70, சராசரி 80 வேண்டும். இந்தச் சராசரியை மறந்துவிடுகிறார்கள். பொதுத் தாளில் 72, நடைமுறைத் தாளில் 78, செய்முறையில் 85 வாங்கியவர் மூன்றிலும் 70-ஐத் தாண்டிவிட்டார், ஆனால் சராசரி 78.3 என்பதால் தோல்வி. கைவேலைக்காரருக்குச் செய்முறை தானாக வரும். பொதுத் தாளில்தான் மதிப்பெண் கசியும் என்பதால் படிக்கும் நேரத்தில் முக்கால்வாசியை அதற்குக் கொடுங்கள். ஆங்கிலக் கேள்விகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நூறு, நூற்றைம்பதுக்கு மேல் போகாது. அவற்றை எழுதி, எதிரில் தமிழில் பொருள் எழுதி, ரயிலில் போகும்போது புரட்டுங்கள். வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால் உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

அல்ட்ராசோனிக் முறைக்குக் கொஞ்சம் முக்கோணவியல் வேண்டும், பயப்படும் அளவுக்கு இல்லை. 20 மி.மீ. தகட்டில் ஒலியை 60 டிகிரி சாய்வில் அனுப்பும் புரோப் வைத்தால், ஒலி அடிப்பக்கத்தைத் தொடும் இடம் தடிமனை டேன் 60-ஆல் பெருக்கிக் கிடைக்கும். 20 × 1.732 = 34.6 மி.மீ. அங்கிருந்து எதிரொலித்து மேலே திரும்பும் இடம் இதைப்போல் இரு மடங்கு, 69.3 மி.மீ. புரோப்பை வெல்டிலிருந்து எந்தத் தூரத்துக்கு இடையில் நகர்த்த வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும். 45, 60, 70 டிகிரிகளுக்கும் 12, 16, 20, 25 மி.மீ. தகடுகளுக்கும் இந்தக் கணக்கை முன்பே போட்டுப் பழகினால் வகுப்பில் திணற மாட்டீர்கள். 840 மணி அனுபவத்தைப் பட்டறையில் இருந்துகொண்டு சேர்க்க முடியாது என்பதால், இதை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தபின் எடுப்பதுதான் நடைமுறை.

கதிர்வீச்சால் படமெடுக்கும் ரேடியோகிராபி, அதாவது ஷூட்டிங் வேலைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் தனிப் பயிற்சி வேண்டும், இரவு வேலையும் அலைச்சலும் அதிகம். ஐம்பதுக்கு மேல் அதைத் தேட வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பயிற்சிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருச்சியிலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்திய என்டிடி சங்கத்துக்கும் திருச்சிக் கிளை உண்டு. அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டு, பட்டறையில் வேலை தளரும் மாதத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

யாரிடம் சொல்லி வைப்பது

ஆய்வு வேலை விளம்பரத்தில் வருவது குறைவு. "நாளைக்கு ஆறு பேர் வேண்டும், யார் இருக்கா" என்ற தொலைபேசி அழைப்பில்தான் பெரும்பாலும் வருகிறது. அந்த அழைப்பு யாருக்குப் போகும் என்று யோசித்துப் பட்டியல் போடுங்கள். உங்கள் ஜாபை ஷூட் பண்ண வந்த ரேடியோகிராபி குழு, ஜாபை நிராகரித்துவிட்டுப் போன மூன்றாம் தரப்பு ஆய்வாளர், மூடிய பட்டறையிலிருந்து வேறு ஊருக்குப் போன பழைய ஃபோர்மேன், எரக்ஷன் கான்ட்ராக்டர். இருபது பெயர் தேறினால் போதும். சொந்தக்காரர்களைவிட இவர்கள்தான் உதவுவார்கள், ஏனென்றால் உங்கள் கைவேலையை நேரில் பார்த்தவர்கள்.

"வேலை இருந்தா சொல்லுங்க" என்பது யாருக்கும் நினைவில் நிற்காத செய்தி. இப்படி அனுப்புங்கள்: "வணக்கம் சார். துவாக்குடியில் ஹெட்டர் ஜாப்பில் உங்களோடு இருந்த ஃபிட்டர் நான். டிபி, கண்பார்வை ஆய்வு லெவல் 2 முடித்துவிட்டேன், கண் சோதனை இந்த மாதம்தான் எடுத்தது. ஷட்டவுன் வேலைக்கு இரண்டு வாரம் வரைக்கும் வெளியூர் வர முடியும். ஒரு நாள் முன்னே சொன்னால் போதும்." எந்த முறை, எந்த நிலை, எத்தனை நாள் வர முடியும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புதிதாகச் சொல்ல ஒன்று இருக்கும்போது மட்டும் அனுப்புங்கள்.

டெல்டாவுக்குள்ளேயே ஒரு சந்தை இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. தஞ்சாவூர், மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்து நவீன அரிசி ஆலைகளில் நெல் அவிக்க உமியில் எரியும் கொதிகலன்கள் உள்ளன. கொதிகலன் சட்டப்படி அவற்றுக்கு ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. குழாய்களின் தடிமன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அல்ட்ராசோனிக் கருவியால் அளந்து கொடுக்க ஆள் தேவைப்படும். உமிச்சாம்பல் மணல்போல் உரசும் என்பதால் தேய்மானமும் அதிகம். சர்க்கரை ஆலைகளில் அரவை முடிந்தபின் வரும் பராமரிப்புக் காலமும் இப்படித்தான். இந்த வேலைகளை எடுத்துச் செய்யும் சிறு ஒப்பந்தக்காரர்கள் இருவரையாவது உங்கள் பட்டியலில் சேருங்கள்.

கையிருப்பு: ஒரு வீட்டுக் கணக்கு

பூதலூரில் இருக்கும் ஒரு 51 வயது ஃபோர்மேன் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது மாதம் 30,000. வீட்டுச் செலவு 16,000. ஆனால் இதை மட்டும் வைத்து "ஆறு மாதத்துக்கு 96,000 போதும்" என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவார். பிள்ளை படிப்பு 30,000, தீபாவளி பொங்கல் 15,000, மொய் 15,000, மருத்துவக் காப்பீடு 18,000 என ஆண்டுக்கு ஒருமுறை வருபவை 78,000. மாதத்துக்குப் பிரித்தால் 6,500. உண்மையான செலவு 22,500.

வேலை போனபின் ஆறு மாதம் வருமானமே இல்லை என்று கொண்டால் 1,35,000. அடுத்த ஆறு மாதம் ஆய்வு உதவியாளராக நாள்கூலியில் மாதம் 12,000 வந்தால் துண்டு விழுவது மாதம் 10,500, மொத்தம் 63,000. பயிற்சி, தேர்வு, பயணம் 45,000. ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது, சம்பா நடவுச் செலவு 25,000. கூட்டினால் 2,68,000. மாதம் 7,500 மிச்சம் பிடித்தால் 36 மாதத்தில் 2,70,000 சேரும். இரண்டு ஆண்டு பிடிக்கும் மணிகளும் அந்தக் காலத்துக்குள் சேர்ந்துவிடும்.

நிலத்துச் செலவைத் தனியாகப் போட்டதற்குக் காரணம் உண்டு. சம்பாவுக்குப் புரட்டாசி, ஐப்பசியில் பணம் இறங்குகிறது. நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து பணம் வருவது தை, மாசியில். ஆவணியில் வேலை போனால் கையிருப்பு முதல் இரண்டு மாதத்திலேயே வயலுக்குள் போய்விடும். நகை அடகுக்கு ஓட வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டும் ஒன்றாக வருவதுதான்.

மூன்று மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். மீதியை வங்கியில் மூன்று தனித்தனி வைப்புகளாகப் போட்டால், ஒன்று தேவைப்படும்போது மற்றவற்றை உடைக்க வேண்டியிருக்காது. அஞ்சலக வைப்பை முதல் ஆறு மாதத்துக்கு எடுக்க முடியாது என்பதால் இந்தப் பணத்துக்கு அது ஏற்றதல்ல. மருத்துவக் காப்பீட்டை இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்பதால், 51-இல் எடுத்தால் 54-இல் அது முழுதாக உதவும்.

பணிக்கொடையையும் பிஎஃபையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பணிக்கொடை நியாயமாக வரவேண்டிய பணம்தான். அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000, 24 ஆண்டு பணி என்றால், 15,000 × 15 ÷ 26 × 24 = 2,07,692. சட்டப்படி 30 நாளில் தர வேண்டும். ஆனால் ஆர்டர் இல்லாமல் மூடும் பட்டறை கடைசி இரண்டு மாதச் சம்பளத்தையே இழுத்தடிக்கும்போது இது எப்போது வரும் என்று நம்பி அரிசி வாங்க முடியாது. வரும்போது அது உபரியாக இருக்கட்டும்.

ஓய்வூதியத்தில் ஒரு தவறைத் தவிர்க்க வேண்டும். பத்து ஆண்டு பணி இருந்தால் 50 வயதிலிருந்தே பிஎஃப் ஓய்வூதியம் கேட்கலாம். ஆனால் 58-க்கு எத்தனை ஆண்டு குறைகிறதோ, ஆண்டுக்கு 4 சதவீதம் வீதம் குறைத்துத் தருவார்கள். 58 ஆனதும் அது முழுத் தொகையாக மாறாது, வாழ்நாள் முழுவதும் அந்தக் குறைந்த தொகைதான். வேலை போன அவசரத்தில் இதற்கு விண்ணப்பிக்காதீர்கள்.

இன்றே பார்க்க வேண்டியது பிஎஃப் கணக்கில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்பது. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருந்தாலே விண்ணப்பம் நிற்கும். திருத்தத்துக்கு முதலாளியின் ஒப்புதல் தேவைப்படலாம் என்பதால் பட்டறை ஓடும்போதே முடித்துவிடுங்கள். மூடியபின் வெளியேறிய தேதியை அவர்கள் பதிவு செய்யாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து இணையதளத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம். வெளியேறும் நாளில் கேட்டு வாங்க வேண்டியவை நான்கு: என்டிடி மணிகளைக் குறிப்பிட்ட அனுபவக் கடிதம், பயிற்சிச் சான்று நகல், தேர்வு மதிப்பெண் நகல், கடைசிக் கண் சோதனை அறிக்கை. புதிய நிறுவனத்தின் லெவல் 3 முதலில் கேட்பதும் இந்த நான்கைத்தான்.